அந்நியமாதல், வர்க்கம்: கருத்தாக்கத்தை அளக்கக்கூடிய மாறியாக மாற்றும்போது எழும் கேள்விகள்

சமூகவியல் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு பிடிபட வேண்டும் என்பதற்காக, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் லைனில் உட்கார்ந்து தைக்கும் தொழிலாளர்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் அந்நியமாதலை, அதாவது ஒருவர் தன் வேலையிலிருந்தும் சக மனிதரிடமிருந்தும் தன்னிடமிருந்தும் விலகிப்போன நிலையை, எப்படி அளப்பது, அவர்களின் வர்க்க நிலையை எப்படிக் குறிப்பது என்பதுதான் விஷயம்.

"அந்நியமாதல்னு தலைப்பு வச்சுட்டேன். மாறி எங்கேன்னு கைடு கேக்கறாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

கேள்வித்தாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு அதுதான். நூலகத்தில் கிடைத்த ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலிருந்து இருபது கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவை எதை அளக்கின்றன என்று பிறகு யோசிக்கிறார்கள்.

சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்ட் சொன்ன வரிசை இன்றைக்கும் உதவுகிறது. முதலில் கருத்தாக்கம். அதற்குள் இருக்கும் பரிமாணங்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பரிமாணத்துக்கும் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடிய சுட்டிகளைத் தேட வேண்டும். கடைசியில்தான் சுட்டிகளைக் கூட்டி ஒரு மதிப்பெண். 'அந்நியமாதல்' என்ற சொல்லிலிருந்து நேராகக் கேள்விக்குத் தாவினால் நடுவில் இருக்கும் பரிமாணம் விடுபட்டுப்போகும். அப்புறம் ஒரு கேள்வி தனிமையைப் பற்றியும், இன்னொன்று சம்பளத்தைப் பற்றியும், மற்றொன்று சலிப்பைப் பற்றியும் இருக்கும். மூன்றையும் கூட்டி வரும் எண்ணுக்கு எந்தப் பெயரும் பொருந்தாது.

அந்நியமாதலைப் பொறுத்தவரை பரிமாணம் பிரிக்கும் வேலையை மெல்வின் சீமன் 1959-இல் செய்துவிட்டார். அதிகாரமின்மை, அர்த்தமின்மை, நெறியின்மை, ஒதுங்கியிருத்தல், தன்னிடமிருந்தே விலகல் என்று ஐந்து. இந்த ஐந்தும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. லைனில் பக்கத்து மெஷின்காரரோடு நன்றாகப் பழகுகிற ஒருவருக்கு ஒதுங்கியிருத்தல் குறைவாகவும் அதிகாரமின்மை மிக அதிகமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்பதன் பயனே அதுதான்.

"ஐந்தையும் எடுக்கணுமா?"

வேண்டாம். உங்கள் ஆய்வுக்கேள்விக்கு எது தேவையோ அதை எடுங்கள். ஒன்றை ஒழுங்காக அளப்பது, ஐந்தை அரைகுறையாக அளப்பதைவிட எவ்வளவோ மேல். ராபர்ட் பிளவுனர் 1964-இல் அமெரிக்காவின் அச்சுத்தொழில், துணி ஆலை, கார் தொழிற்சாலை, வேதிப்பொருள் ஆலை நான்கையும் ஒப்பிட்டபோது நெறியின்மையை விட்டுவிட்டு நான்கு பரிமாணங்களைத்தான் எடுத்தார். இரண்டு எடுத்தால் இரண்டு என்று எழுதுங்கள். அதிகாரமின்மையை மட்டும் அளந்துவிட்டு முடிவுரையில் 'அந்நியமாதல் அதிகமாக உள்ளது' என்று எழுதுவதுதான் தவறு.

"அதிகாரமின்மையைக் கேள்வியா மாத்தறது எப்படின்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

சரி, படிப்படியாகப் போவோம். சீமனின் வரையறையில் முக்கியமான சொல் 'எதிர்பார்ப்பு'. தான் விரும்பும் விளைவைத் தன் செயலால் கொண்டுவர முடியாது என்று ஒருவர் எதிர்பார்ப்பதுதான் அதிகாரமின்மை. ஆகவே நாம் கேட்க வேண்டியது உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அல்ல. 'நான் ஏதாவது செய்தால் என்ன ஆகும்' என்று அவர் மனதில் வைத்திருக்கும் கணக்கை.

ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்த முதல் கேள்வி இது: "துணியில் கோளாறு இருந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்ல முடியும், அவரும் கேட்பார்." ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று ஐந்து கட்டங்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொல்ல முடியும், ஆனால் கேட்கமாட்டார் என்கிறவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? நடுக் கட்டத்தில் போடுவார். அந்த நடுக் கட்டத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

அதற்குப் பதில் ஒரு நிலைமையைச் சொல்லி, என்ன நடக்கும் என்று கேட்கலாம்.

"அவசர ஆர்டர். ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு வீட்டில் வேலை இருக்கிறது. 'இன்னைக்கு முடியாதுங்க' என்று சொன்னால் என்ன நடக்கும்?" பதில்கள் வரிசையாக இருக்கும். சரி என்று விட்டுவிடுவார்கள் என்றால் 0. முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கிளம்பலாம் என்றால் 1. திட்டு விழும், மறுநாள் வேறு விதத்தில் காட்டுவார்கள் என்றால் 2. அப்படிச் சொல்லவே முடியாது என்றால் 3.

இதே அச்சில் இன்னும் மூன்று. வெட்டி வந்த பிட்டில் கோளாறு இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? கை பழகிய மெஷினை விட்டு வேறு மெஷினுக்குப் போகச் சொல்லும்போது வேண்டாம் என்றால்? பீஸ் ரேட் கட்டுப்படியாகவில்லை என்றால்? நான்கும் சேர்ந்து 0 முதல் 12 வரை ஒரு மதிப்பெண். ஒரு பெண் 3, 1, 2, 3 என்று சொன்னால் அவருக்கு 9.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். "அப்படி ஒண்ணு நடந்ததே இல்லீங்க" என்று பதில் வந்தால் 0 போட்டுவிடாதீர்கள். 0 என்றால் அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று பொருளாகிவிடும். நடக்காத விஷயத்துக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். அடுத்து, 'உங்களுக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் உண்டா?' என்பதை இந்த நான்கோடு சேர்த்துவிடாதீர்கள். டார்கெட் என்பது வேலையின் நிலைமை. நாளை நீங்களே 'டார்கெட் முறை அதிகாரமின்மையைக் கூட்டுகிறதா?' என்று சோதிக்கப் போகிறீர்கள். காரணத்தை விளைவின் அளவுகோலுக்குள்ளேயே வைத்துவிட்டால் தொடர்பு நிச்சயம் வரும், அதற்கு மதிப்பே இருக்காது. நல்ல உழைப்பில் எழுதிய ஆய்வேடுகள்கூட இந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன.

"மார்க்ஸ் சொன்ன அந்நியமாதல் மனநிலையே இல்லையே? அதைக் கேள்வி கேட்டு அளக்க முடியுமா?"

சரியான கேள்வி. 1844 கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் பேசுவது ஓர் உறவைப் பற்றி. உழைப்பவர் தான் செய்த பொருளிடமிருந்தும், செய்யும் செயலிடமிருந்தும், மனித இயல்பிடமிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறார். அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவரும் அந்தப் பொருளில் அந்நியமானவர்தான்.

ஆகவே மார்க்ஸின் பொருளில் அளக்க வேண்டுமானால் சுட்டிகள் வேலை அமைப்பில் இருக்க வேண்டும். தைக்கும் உடையின் மாடலை முடிவு செய்வது யார்? ஒருவர் கைப்படுவது முழு உடையிலா, காலர் மட்டுமா, கை மட்டுமா? வேகத்தைத் தீர்மானிப்பது யார்? முடிந்த உடை எந்த பிராண்டுக்குப் போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்று தைத்தவருக்குத் தெரியுமா? இவற்றில் பலவற்றைத் தொழிலாளரிடம் கேட்காமலேயே லைனைப் பார்த்துப் பதிவு செய்துவிடலாம்.

சீமன் வழியில் போனால் உணர்வை அளக்கிறீர்கள். மார்க்ஸ் வழியில் போனால் நிலைமையை அளக்கிறீர்கள். பிளவுனர் மேல் எழுந்த முக்கியமான விமர்சனம் இதுதான்: மார்க்ஸின் கருத்தாக்கத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளரின் உணர்வாக அதைச் சுருக்கிவிட்டார் என்பது. இரண்டையும் அளந்து தனித்தனி மதிப்பெண்ணாக வைக்கலாம். அப்படி வைத்தால் நிலைமை மோசமாக இருந்தும் உணர்வு குறைவாக இருக்கிறவர்கள் யார் என்று பார்க்க முடியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி அது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டால் அந்த ஆட்கள் உங்கள் தரவில் காணாமல் போய்விடுவார்கள்.

"ஆங்கிலத்துல ரெடியா ஸ்கேல் இருக்கே. தமிழ்ல மொழிபெயர்த்துக் கேட்டா போதாதா?"

இருக்கின்றன. டுவைட் டீன் 1961-இல் வெளியிட்ட அளவுகோலில் 24 வாக்கியங்கள் உண்டு. ஆனால் தமிழில் வாக்கியங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லிவிடும் பழக்கத்தைச் சமாளிக்க, இப்படிப்பட்ட அளவுகோல்களில் சில வாக்கியங்களைத் தலைகீழாக எழுதுவது வழக்கம். அதைத் தமிழில் அப்படியே போட்டால் என்ன ஆகும்? "என் வேலையில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று படிக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் "இல்லீங்க" என்கிறார். இது ஒப்புதலா, மறுப்பா? 'ஆமாம், உரிமை இல்லை' என்றும் எடுக்கலாம், 'நீங்கள் சொல்வது சரியில்லை' என்றும் எடுக்கலாம். நம் பேச்சில் பெரும்பாலும் முதல் பொருள்தான். படிவம் நிரப்புகிறவரோ 'ஒப்புக்கொள்ளவில்லை' கட்டத்தில் டிக் போட்டிருப்பார். மிக அதிகாரமற்றவர் தரவில் மிக அதிகாரமுள்ளவராக மாறிவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேள்வியைக் கேட்டு, பதில் வந்ததும் "நான் கேட்டது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதுங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பல நேரம் அவர்கள் சொன்ன வாக்கியமே உங்கள் வாக்கியத்தைவிட நல்ல கேள்வியாக இருக்கும். தரவில் கண்டுபிடிக்க வேண்டுமானால், தலைகீழ் வாக்கியங்களை மாற்றிக் குறியிட்ட பிறகும் மற்றவற்றோடு எதிர்மறைத் தொடர்பு காட்டுகின்றனவா என்று பாருங்கள். அப்படிக் காட்டினால் முதலில் 'இல்லை'யைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"ஆல்ஃபா 0.63 தான் வந்தது. 0.7 வேணும்ங்கறாங்க. கேள்வியைத் தூக்கிடலாமா?"

பொறுங்கள். அளவுகோலின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான குரோன்பாக்கின் ஆல்ஃபா இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து போகின்றன, கேள்விகள் எத்தனை. எளிய வடிவம் இது:

```
alpha = k*r / (1 + (k-1)*r)

k = 4,  r = 0.3  ->  1.2 / 1.9 = 0.63
k = 10, r = 0.3  ->  3.0 / 3.7 = 0.81
```

இதில் `k` கேள்விகளின் எண்ணிக்கை, `r` கேள்விகளுக்கு இடையிலான தொடர்பின் சராசரி. இரண்டு வரியிலும் `r` ஒன்றேதான். கேள்விகளின் தரம் மாறவில்லை, எண்ணிக்கை கூடியதால் மட்டும் 0.81 வந்துவிட்டது. ஆகவே நான்கு கேள்விக்கு 0.63 என்பது கேள்விகள் மோசம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

தூக்குவதற்கு முன் ஒவ்வொரு கேள்விக்கும் பதில்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். பீஸ் ரேட் பற்றிய கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் 3 என்றே சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் யாருக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் அது எதோடும் சேர்ந்து போகாது. அது ஒரு கண்டுபிடிப்பு, ஆய்வேட்டில் எழுத வேண்டியது. ஆட்களைப் பிரித்துக் காட்டும் அளவுகோலில் மட்டும் அதற்கு இடமில்லை.

"வர்க்கத்துக்குக் குப்புசாமி ஸ்கேல் போதும்தானே?"

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நகர்ப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க 1976-இல் வந்த அளவுகோல் அது. குடும்பத் தலைவரின் கல்விக்கு அதிகபட்சம் 7, தொழிலுக்கு 10, குடும்ப வருமானத்துக்கு 12, மொத்தம் 29. மருத்துவ ஆய்வுகளில் நம் நாடெங்கும் பயன்படுகிறது. வருமான வரம்புகளை விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு ஏற்பப் புதுப்பித்துப் பயன்படுத்த வேண்டும். பழைய ரூபாய்க் கணக்கை அப்படியே வைத்தால் இன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும் உச்சியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் பட்டதாரி கிளார்க். கல்விக்கு 6, தொழிலுக்கு 5, வருமானத்துக்கு 4, மொத்தம் 15. இரண்டாவது வீட்டில் எட்டாவது படித்தவர், சொந்தக் கடை, கடையில் இரண்டு பேர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். கல்விக்கு 3, தொழிலுக்கு 5, வருமானத்துக்கு 6, மொத்தம் 14. 11 முதல் 15 வரை கீழ் நடுத்தரம் என்பதால் இருவரும் ஒரே பெட்டியில். குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றிய ஆய்வு என்றால் இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் வர்க்கம் என்று நீங்கள் சொல்வது உற்பத்தி உறவை என்றால், இதில் ஒருவர் உழைப்பை விற்கிறார், மற்றவர் வாங்குகிறார். அளவுகோல் அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டது.

திருப்பூரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லைனில் தைக்கும் டெய்லர், நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் முன்னாள் டெய்லர், ஆட்களைக் கூட்டிவரும் லேபர் கான்ட்ராக்டர் மூவருக்கும் கல்வி ஏறக்குறைய ஒன்றுதான். சில மாதங்களில் வருமானமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவர்களைப் பிரிக்க மூன்று நேரடிக் கேள்விகள் போதும். நீங்கள் வேலை செய்யும் மெஷின் யாருடையது? உங்களிடம் சம்பளத்துக்கு யாராவது வேலை செய்கிறார்களா, எத்தனை பேர்? மற்றவர்களின் வேலையை மேற்பார்த்து அவர்களை வைத்துக்கொள்ளவோ நிறுத்தவோ உங்களால் முடியுமா? எரிக் ஓலின் ரைட் தன் வர்க்க வரைபடத்தில் சொத்து, அதிகாரம், திறன் என்று பிரித்ததன் எளிய வடிவம் இது. கிடைப்பது மதிப்பெண் அல்ல, வகைகள். அந்த வகைகளை 1, 2, 3 என்று குறியிட்டுவிட்டுச் சராசரி எடுக்காதீர்கள்.

"அப்ப வர்க்க ஸ்கேலுக்கும் ஆல்ஃபா போடணுமா?"

வேண்டாம், காரணம் இருக்கிறது. அதிகாரமின்மை உள்ளே இருக்கிறது, அதனால்தான் நான்கு கேள்விக்கும் பதில்கள் ஒரே பக்கம் சாய்கின்றன. அம்பு கருத்தாக்கத்திலிருந்து சுட்டிக்குப் போகிறது. அங்கே சுட்டிகள் சேர்ந்து போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். சமூகப் பொருளாதார நிலையில் அம்பு திரும்பிப் போகிறது. கல்வி, தொழில், வருமானம் மூன்றும் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்குகின்றன. ஒருவருக்குச் சம்பளம் உயர்ந்தால் நிலை உயரும், ஆனால் அவர் படிப்பு அதனால் கூடாது. ஆகவே மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனாலும் அது அளவுகோலின் குறை அல்ல. அங்கே ஒரு சுட்டியைத் தூக்கினால் கருத்தாக்கத்தின் ஒரு துண்டே போய்விடும்.

"வருமானம் கேட்டா யாரும் சரியாச் சொல்றதில்லை. என்ன பண்றது?"

'மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் பீஸ் ரேட்டில் வாரச் சம்பளம் வாங்குகிறவரிடம் அந்த எண்ணே இருக்காது, மனக்கணக்குப் போட்டு ஏதோ ஒன்றைச் சொல்வார். போன சனிக்கிழமை கையில் வந்தது எவ்வளவு, அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு, ஆர்டர் இல்லாத மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வருமானத்தைத் தொடாமல், வீட்டில் இருக்கும் பொருள்களையும் வீட்டின் வசதிகளையும் வைத்துச் செல்வக் குறியீடு போடுகிறது. நல்ல வழிதான். ஆனால் அதன் ஐந்து பிரிவுகளும் மக்களை வரிசையாக நிறுத்தி ஐந்து சம பங்காக வெட்டியவை. 'நாட்டில் 20 சதவீதம் பேர் மிக ஏழைப் பிரிவில் இருக்கிறார்கள்' என்று அதிலிருந்து எழுதினால், வெட்டிய அளவையே கண்டுபிடிப்பாகச் சொன்னதாக ஆகும்.

"நான் அளந்தது அதிகாரமின்மைதான்னு எப்படித் தெரியும்? வேலைத் திருப்தி இல்லாததா இருந்துட்டா?"

அதைச் சோதிக்கலாம். முதலில், வித்தியாசம் இருந்தே தீர வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்த இரண்டு கூட்டங்களிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். லைன் டெய்லர்களும், சொந்த மெஷினில் ஜாப் ஒர்க் தைக்கிறவர்களும் அப்படிப்பட்டவர்கள். இரண்டாவது கூட்டத்துக்குக் கேள்வியில் 'சூப்பர்வைசர்' இருக்கும் இடத்தில் 'ஆர்டர் கொடுக்கிறவர்' வரும். இருவருக்கும் ஒரே மதிப்பெண் வந்தால் அளவுகோலில் ஏதோ சிக்கல்.

அப்புறம், வேலைத் திருப்தியையும் தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். கொஞ்சம் தொடர்பு இருக்கத்தான் செய்யும். 0.9 போல வந்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது கொஞ்சம் உழைப்பு கேட்கும். கோட்பாடு சொல்லும் வேறொரு விளைவு நடக்கிறதா என்று பார்ப்பது. 1962-இல் சீமனும் ஜான் எவன்ஸும் காசநோய் மருத்துவமனை நோயாளிகளிடம் இதைச் செய்தார்கள். தன்னால் எதையும் மாற்ற முடியாது என்று நினைப்பவர் தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள மெனக்கெடமாட்டார் என்பது எதிர்பார்ப்பு. அதிகாரமின்மை அதிகம் உள்ளவர்களுக்குத் தங்கள் நோயைப் பற்றிய அறிவு குறைவாகவே இருந்தது. உங்கள் ஆய்வில் இதற்கு இணையாக, பி.எஃப். கணக்கு எண் தெரியுமா, இ.எஸ்.ஐ. அட்டையில் என்னென்ன கிடைக்கும் என்று தெரியுமா என்று கேட்கலாம். பணியில் சேர்ந்த காலமும் படிப்பும் ஒத்தவர்களை ஒப்பிடுங்கள், இல்லையென்றால் அனுபவத்தால் வந்த அறிவு குழப்பிவிடும்.

"செயல்வழி வரையறையை ஒரே பத்தியில எழுதித் தரச் சொல்றாங்க. எப்படி இருக்கணும்?"

வேறொருவர் உங்களைக் கேட்காமலேயே அதே அளவீட்டைச் செய்ய முடிய வேண்டும். இப்படி எழுதலாம்:

"இந்த ஆய்வில் அதிகாரமின்மை என்பது, வேலை நேரம், பிட்டின் தரம், மெஷின் மாற்றம், பீஸ் ரேட் ஆகிய நான்கு விஷயங்களில் தான் ஆட்சேபித்தால் விளைவு மாறாது என்று தொழிலாளர் எதிர்பார்க்கும் அளவு. ஒவ்வொன்றும் ஒரு நிலைமையாகச் சொல்லப்பட்டு, பதில்கள் 0 முதல் 3 வரை குறியிடப்பட்டன. மொத்தம் 0 முதல் 12. அப்படி ஒரு நிலைமையே நேராதவர்களின் பதில் விடுபட்டதாகக் கொள்ளப்பட்டது. இரண்டுக்கு மேல் விடுபட்டவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஒன்றோ இரண்டோ விடுபட்டவர்களுக்கு, பதில் சொன்ன கேள்விகளின் சராசரியை நான்கால் பெருக்கி மொத்தம் கணக்கிடப்பட்டது. வேலை அமைப்பின் நிலைமைகள் தனியாகப் பதிவு செய்யப்பட்டன, இந்த மதிப்பெண்ணில் சேர்க்கப்படவில்லை."